இருபது ஆண்டு உழைப்புக்கு ஒரே ஆண்டு வரி

வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் தரும் இழப்பீட்டுக்கும், ஓய்வு பெறும் நாளில் மொத்தமாகக் கைக்கு வரும் தொகைக்கும் பல நாடுகளில் மாதச் சம்பளத்தைப் போல வரி போடுவதில்லை. ஒரு பகுதிக்கு விலக்கு, அல்லது குறைந்த விகிதம், அல்லது தனிக் கணக்கு என்று ஏதோ ஒரு சலுகை இருக்கும். வேலை இழந்தவர்மேல் அரசுக்கு இரக்கம் என்று பலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். இரக்கமும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் ஆழமான காரணம் வருமான வரியின் கணக்குமுறையிலேயே இருக்கிறது.

வருமான வரி ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக் கணக்கை முடித்துக்கொள்கிறது. அதோடு அது அடுக்கடுக்காக ஏறுகிறது. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் சிக்கல். ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே முதல் 10 அலகு வருமானத்துக்கு வரி இல்லை. 10 முதல் 30 வரை 20 சதவீதம், 30 முதல் 60 வரை 30 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். ஆண்டுக்கு 40 அலகு சம்பளம் வாங்கும் ஒருவர் நடு அடுக்கிலிருந்து 4, அடுத்த அடுக்கிலிருந்து 3, ஆக 7 அலகு வரி கட்டுகிறார்.

இருபது ஆண்டு வேலை பார்த்த அவரை நிறுவனம் 50 அலகு இழப்பீட்டோடு அனுப்புகிறது. அந்த ஆண்டு அவருடைய வருமானம் 90 அலகு. வரி 25 அலகு. அதாவது இழப்பீட்டுக்கு மட்டும் 18 அலகு போய்விடுகிறது. இதே 50 அலகை அந்த இருபது ஆண்டுகளிலும் ஆண்டுக்கு இரண்டரை வீதம் சம்பளத்தோடு கொடுத்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் அது 30 சதவீத அடுக்குக்குள்ளேயே அடங்கியிருக்கும். மொத்த வரி 15 அலகு. மேற்கொண்டு போன 3 அலகு அவர் அதிகம் சம்பாதித்ததற்கான வரி அன்று, பணம் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்ததற்கான வரி.

இந்தக் குறை வரி அறிஞர்களுக்குப் புதிதல்ல. பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற வில்லியம் விக்ரி, 1939ஆம் ஆண்டிலேயே ஒரு தீர்வை முன்வைத்தார். ஒருவருடைய வருமானத்தை ஆண்டுக்கு ஆண்டு தனித்தனியாகப் பார்க்காமல், கூட்டிக்கொண்டே போய், முன்பு கட்டிய வரிக்கு வட்டியும் சேர்த்து, மொத்தக் காலத்துக்கும் ஒரே கணக்காகத் தீர்ப்பது. கோட்பாட்டளவில் அழகான யோசனை. நாற்பது ஆண்டுப் பதிவேட்டை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. அதனால் நாடுகள் அந்தச் சுமையில்லாத குறுக்கு வழிகளைத் தேடின.

அவற்றில் ஜெர்மனியின் ஐந்திலொன்று விதி எனக்கு மிகவும் பிடித்தது. அதன் புத்திசாலித்தனமும் கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வருமான வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் இருக்கும் இந்த விதி சொல்வது இவ்வளவுதான்: வழக்கமான வருமானத்துக்கு வரி கணக்கிடு. அதோடு இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் சேர்த்து மறுபடி கணக்கிடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐந்தால் பெருக்கு. அதுவே இழப்பீட்டுக்கான வரி.

ஜெர்மனியின் நிஜ விகிதங்களை விட்டுவிட்டு, நம் கற்பனை நாட்டின் அடுக்குகளில் இதைப் போட்டுப் பார்க்கலாம். 40 அலகுக்கு வரி 7. இழப்பீட்டின் ஐந்திலொன்று 10. அதைச் சேர்த்தால் 50 அலகு, வரி 10. வித்தியாசம் 3. ஐந்தால் பெருக்கினால் 15. இருபது ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் வந்திருக்கும் அதே 15. பழைய பதிவேடு எதையும் புரட்டாமல், இந்த ஓர் ஆண்டின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சரியான விடைக்கு வந்துவிட்டோம். எல்லா நேரத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. பத்து அலகு கூடினாலும் சம்பளம் அதே அடுக்கில் நின்றதால்தான் பொருந்தியது.

இனி கோளாறைப் பார்ப்போம். இழப்பீடு கைக்கு வருவது அடுத்த ஆண்டு ஜனவரியில் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு முழுவதும் அவருக்கு வேறு வருமானம் இல்லை. ஐந்திலொன்று 10 அலகு, வரியில்லா வரம்புக்குள் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. வரி பூஜ்யம். பூஜ்யத்தை ஐந்தால் பெருக்கினாலும் பூஜ்யம். விதி இல்லாவிட்டால் 50 அலகுக்கு 10 அலகு கட்டியிருக்க வேண்டும். சில மாதத் தள்ளிவைப்பு மொத்த வரியையும் கரைத்துவிடுகிறது. பணிநீக்க ஒப்பந்தம் பேசும்போது எவ்வளவு என்பதோடு எப்போது என்றும் கேட்கச் சொல்லி ஜெர்மன் ஆலோசகர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

ஆனால் அதே மனிதர் அந்த ஆண்டில் சும்மா இருக்காமல் ஒரு வேலை தேடிக்கொண்டு 10 அலகு சம்பாதிக்கிறார் என்றால்? 10 அலகுக்குத் தனியாக வரி இல்லை. ஐந்திலொன்றைச் சேர்த்தால் 20 அலகு, வரி 2. ஐந்தால் பெருக்கினால் 10. உழைத்துச் சம்பாதித்த 10 அலகும் வரியாகவே போய்விடுகிறது! புதிய சம்பளத்தின் ஒவ்வோர் அலகும் இழப்பீட்டின் ஐந்திலொன்றை 20 சதவீத அடுக்குக்குள் ஓர் அலகு மேலே தள்ளுகிறது. அந்த 20 சதவீதம் ஐந்து மடங்காகி நூறாகிறது. சலுகை என்று பெயர் கொண்ட ஒரு விதி, வேலைக்குப் போகாதே என்று காதோடு சொல்வதைப் போல நடந்துகொள்கிறது.

மறுமுனையில் உள்ளவருக்கு இந்த விதியால் பயனே இல்லை. சம்பளமே 70 அலகு என்றால் அவர் ஏற்கெனவே உச்ச அடுக்கில் இருக்கிறார். 50 அலகைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் வரி 20 அலகுதான். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. இருபது ஆண்டும் உச்ச அடுக்கிலேயே இருந்தவர், பணம் மொத்தமாக வந்ததால் எதையும் இழக்கவில்லை. ஜெர்மனி 1998 வரை இந்த வகை வருமானங்களுக்குப் பாதி விகிதம் என்ற முறையை வைத்திருந்தது. அது உச்ச அடுக்கில் இருப்பவருக்கும் அள்ளிக் கொடுத்தது. அந்த வகையில் ஐந்திலொன்று விதி நேர்மையானது.

பணம் ஒரே ஆண்டில் குவிந்ததற்குத்தான் நிவாரணம் என்பதால், குவியாவிட்டால் நிவாரணமும் கிடையாது. இழப்பீட்டை இரண்டு ஆண்டுகளில் இரண்டு பெரிய தவணைகளாக வாங்கிக்கொண்டால் வரி குறையும் என்று நினைத்து ஒப்பந்தம் போடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் தவணை மிகச் சிறியதாக இருந்தாலொழிய, இரண்டு ஆண்டுகளிலும் விதி பொருந்தாமல் போய்விடும். 2025 முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. நிறுவனம் சம்பளப் பட்டியலில் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. முழு வரியையும் பிடித்துவிடுகிறது. பணம் வாங்கியவர் தானே வரிக் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே ஓய்வுத் தொகை மற்ற வருமானத்தோடு சேர்வதே இல்லை. தனியே எடுத்துவைத்து, வேலை பார்த்த ஆண்டுகளுக்கு ஏற்ப ஒரு கழிவு கொடுத்து, மீதியில் பாதிக்குத்தான் வரி போடுகிறார்கள். கழிவு முதல் 20 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 4 லட்சம் யென், அதற்கு மேல் ஆண்டொன்றுக்கு 7 லட்சம். முப்பது ஆண்டு பணியாற்றி 2 கோடி யென் வாங்குபவருக்குக் கழிவு ஒன்றரைக் கோடி. மீதி 50 லட்சம். அதில் பாதி 25 லட்சம். அதற்கு தேசிய வருமான வரி சுமார் ஒன்றரை லட்சம், உள்ளாட்சி வரி இரண்டரை லட்சம். 2 கோடியில் ஏறத்தாழ 2 சதவீதம்!

குவிந்துவிட்டதற்கான திருத்தம் மட்டும் என்றால் இவ்வளவு குறையாது. வேலை இல்லாத காலத்துக்கான கையிருப்பை வரி தின்றுவிடக் கூடாது என்ற இன்னொரு காரணமும் இதில் கலந்திருக்கிறது. சம்பளம் இனி வராது, இருக்கும் தொகையை வைத்துத்தான் மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும். அந்த வாதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு தாராளமான கதவைத் திறந்துவைத்தால் வேறு சிலரும் நுழைவார்கள். மாதச் சம்பளத்தைக் குறைத்து, இரண்டு மூன்று ஆண்டில் பெரிய ஓய்வுத் தொகையாக வாங்கிக்கொண்டு போகும் உயர் நிர்வாகிகளுக்கு இது நல்ல வசதியாக இருந்தது. அதனால் 2013 முதல், 5 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் பதவி வகித்த இயக்குநர்களுக்குப் பாதியாக்கும் சலுகை நீக்கப்பட்டது. 2022இல் குறுகிய காலம் பணியாற்றிய சாதாரண ஊழியர்களுக்கும், கழிவு போக மீதியில் 30 லட்சம் யென்னுக்கு மேற்பட்ட பகுதிக்கு அது நிறுத்தப்பட்டது.

20 ஆண்டில் கழிவு திடீரென ஏறுவதும் ஒரு சர்ச்சை. ஒரே நிறுவனத்தில் முப்பது ஆண்டு இருந்தால் கழிவு ஒன்றரைக் கோடி. பதினைந்து ஆண்டில் ஒருவர் நிறுவனம் மாறி, இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஓய்வுத் தொகை வாங்கினால் 60 லட்சமும் 60 லட்சமுமாக 1.2 கோடிதான். உழைத்த ஆண்டுகள் அதே முப்பது. வாழ்நாள் முழுக்க ஓரிடத்தில் வேலை என்ற காலத்தில் வகுத்த கணக்கு, இன்று வேலை மாறுபவருக்கு அபராதம் போடுகிறது.

2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பின்னோக்கிப் பார்க்கும் வழியை எடுத்துக்கொண்டது. பதினைந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்றியவரின் பணிக்கொடையில் விலக்குப் போக மிஞ்சுவதை மூன்றாகப் பிரித்து, முந்தைய மூன்று ஆண்டு வருமானத்தோடு சேர்த்துப் பார்த்து, அந்த ஆண்டுகளின் சராசரி விகிதத்தைக் கண்டுபிடிப்பார்கள். இன்றைய விகிதத்தைவிட அது குறைவாக இருந்தால், வித்தியாசம் 89ஆம் பிரிவின்கீழ் நிவாரணமாகக் கிடைக்கும். நிஜமான பழைய ஆண்டுகளைப் பார்ப்பதால், வேலை இல்லாத ஆண்டுக்குத் தள்ளிவைத்து வரியைப் பூஜ்யமாக்கும் ஜெர்மன் வித்தை இங்கே அவ்வளவாகப் பலிக்காது. பழைய வரிக் கணக்குகளைத் தேடி எடுக்க வேண்டும் என்பது அதற்கான விலை. அந்தச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கோருபவர் 10ஈ படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் பணிநீக்க இழப்பீட்டுக்கு இப்படிப்பட்ட சலுகை எதுவும் இல்லை. வருமானத்தைப் பல ஆண்டுகளுக்குச் சராசரியாக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்று அங்கே இருந்தது. 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது இழப்பீட்டிலிருந்து 22 சதவீதம் பிடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, அதுதான் இழப்பீட்டுக்கான தனி வரி விகிதம் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது முன்கூட்டிய பிடித்தம் மட்டுமே. ஆண்டு முடிவில் இழப்பீடு சம்பளத்தோடு சேர்ந்து எந்த அடுக்கில் விழுகிறதோ, அந்த அடுக்கின்படி மீதியைக் கட்ட வேண்டும், அல்லது அதிகமாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.