பூவைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்

இந்த மாதத்தில் மட்டும் இது ஏழாவது படம். கைபேசித் திரை நிறைய ஒரே ஒரு ஊதாப் பூ. ஐந்து மூலை நட்சத்திரம் போல விரிந்திருக்கிறது, நடுவில் மஞ்சளாக நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தப் பைகள். கீழே ஒரு கேள்வி: "இது கண்டங்கத்திரிதானுங்களே சார்?"

அழகான பூதான். ஆனால் அதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கத்தரிக்கும் இதே பூ, கண்டங்கத்திரிக்கும் இதே பூ, வேலியில் ஏறும் தூதுவளைக்கும் இதே பூ. கூடவே, கொங்கு மண்டலத்தின் மானாவாரிக் காடுகளிலும் வாய்க்கால் பாசன நிலங்களிலும் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் அயல்நாட்டுக் களைக்கும் அச்சு அசலாக இதே பூதான். எல்லாம் ஒரே கத்தரிக் குடும்பம். பூவைப் பார்த்தால் குடும்பம் தெரியும், ஆள் தெரியாது.

அந்தக் களையின் தாவரவியல் பெயர் சொலானம் எலியாக்னிபோலியம். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியையும் மெக்சிகோவையும் சேர்ந்தது. ஆஸ்திரேலியா, மொராக்கோ, கிரீஸ் என்று போன இடமெல்லாம் விவசாயிகளை அழவைத்த செடி. இந்தக் கட்டுரையில் வெள்ளிலைக் களை என்று நானாக ஒரு பெயர் வைத்துக்கொள்கிறேன். ஊரில் இதையும் கண்டங்கத்திரி என்றே சொல்கிறார்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. கண்டங்கத்திரி என்றால் நமக்கு இருமல் மருந்து, பாட்டி வைத்தியம், நாட்டு மருந்துக் கடையில் விலைபோகும் சரக்கு. அதனால் பயமே இல்லாமல் போய்விடுகிறது. "மூலிகைதானே, ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்ட செடிதான் மூன்றாம் வருடம் காட்டையே எடுத்துக்கொள்கிறது. கண்டங்கத்திரி என்று நம்பி இதைப் பறித்துக் கஷாயம் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இதன் காயிலும் இலையிலும் மாட்டுக்கே ஆகாத நஞ்சு இருக்கிறது.

சரி, பூவை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? முதலில் இலை. கண்டங்கத்திரி இலை ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், பச்சையாக இருக்கும். இலையின் நடு நரம்பிலேயே மஞ்சள் நிறத்தில் நீளமான, நேரான முள் நிற்கும். தொட்டுப் பார்க்கவே யோசிப்பீர்கள். வெள்ளிலைக் களையின் இலை நீளமாக, ஈட்டிபோல இருக்கும். வெட்டு கிடையாது, ஓரம் மட்டும் அலை அலையாக நெளிந்திருக்கும். இலையின் இரண்டு பக்கமும் வெள்ளி பூசியது போலச் சாம்பல் வெளுப்பு. முள் சின்னது, சிவந்தது, பெரும்பாலும் தண்டில்தான் இருக்கும். சில செடிகளில் முள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். தூதுவளையோடு குழம்பவே தேவையில்லை. அது கொக்கி முள்ளை மாட்டி மாட்டி ஏறும், பழம் சிவப்பு.

அந்த வெளுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கத்தரித் தோட்டக்காரர்கள் இதைப் பார்த்ததும் சாம்பல் நோய் என்று முடிவு கட்டி, கந்தகம் அடித்துவிட்டுத்தான் எனக்கே போன் செய்கிறார்கள். கட்டை விரலால் இலையைத் தேய்த்துப் பாருங்கள். நோயாக இருந்தால் மாவு விரலில் ஒட்டும், அடியில் பச்சை தெரியும். இது தேய்த்தாலும் போகாது. ஏனென்றால் அது பொடி இல்லை, முடி. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு முடியும் குட்டி நட்சத்திரமாகக் கிளைத்து, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிப் படிந்திருக்கும்.

படத்தில் இதைக் காட்டத்தான் பலருக்குத் தெரிவதில்லை. உச்சி வெயிலில் எடுத்தால் எந்த இலையும் வெள்ளியாகத்தான் மின்னும். குடையையோ துண்டையோ பிடித்து நிழல் விழவைத்து எடுங்கள். இலையின் முன்பக்கம் ஒரு படம், திருப்பிப் போட்டு இன்னொன்று. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் இருந்தால் எனக்கு அளவு தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி முடியெல்லாம் மறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

அடுத்தது, செடி எப்படி நிற்கிறது என்பது. கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படரும். நடுவில் ஒரே ஒரு வேர், அதிலிருந்து நாலா பக்கமும் கொடி, மொத்தத்தில் ஒரு தட்டு போலக் கிடக்கும். வெள்ளிலைக் களை நிமிர்ந்து நிற்கும். முழங்கால் உயரம், நல்ல மண்ணில் இடுப்பு வரைகூட. அது தனியாகவும் நிற்காது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நாற்று நட்டது போலக் கூட்டமாக நிற்கும். பார்த்தால் ஐம்பது செடி. உண்மையில் மண்ணுக்கடியில் எல்லாம் ஒன்றாகவே இருக்கலாம்.

உடுமலைப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். போன சித்திரையில் கோடை மழை பெய்து முடிந்த நேரம். ஒரு விவசாயி படம் அனுப்பினார். வழக்கம்போலப் பூ. இலையும் முழுச் செடியும் அனுப்புங்கள் என்று கேட்டேன். பதில் வரவில்லை. நாற்பது நாள் கழித்துப் போன் வந்தது. "ரெண்டு தடவை ரொட்டவேட்டர் விட்டனுங்க சார். இப்ப முன்னைக்கு ஜாஸ்தியா இருக்குதுங்க." இந்தத் தடவை வரப்பின் மேல் நின்று காடு முழுவதும் தெரிய ஒரு படம் அனுப்பியிருந்தார். அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. வடகிழக்கு மூலையில் ஒரு அடர்ந்த திட்டு, களத்துமேடு அளவுக்கு. அங்கிருந்து ரொட்டவேட்டர் போன தடத்திலேயே, கோடு பிடித்தது போல, தெற்கு வரப்பு வரைக்கும் வெளுப்பாகச் சின்னச் சின்னக் கூட்டங்கள். இதற்கப்புறம் பூவை யார் பார்ப்பார்கள்?

நேரில் போனேன். திட்டின் ஓரத்தில் கடப்பாரை போட்டுத் தோண்டினோம். பென்சில் கனத்தில் வேர் நேராக இறங்குகிறது. இரண்டடி தோண்டியும் அதே கனம். அதற்குமேல் எங்கள் தெம்பு தீர்ந்துவிட்டது. இரண்டு மீட்டருக்கும் கீழே போகும் வேர் அது. பிறகு உழவு தடத்தில் இருந்த ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தோம். அடியில் விதை முளைத்த நாற்றின் மெல்லிய வேர் இல்லை. மூன்று அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் அறுபட்ட வேர்த்துண்டு, அதிலிருந்து வெள்ளை வெள்ளையாக மூன்று முளை. ஒன்று மேலே வந்து இலை விட்டிருக்கிறது, மற்ற இரண்டும் காத்திருக்கின்றன. அதை அவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்கப்போவதில்லை: ரொட்டவேட்டர் இந்தக் களையைக் கொல்லாது, நடவு செய்யும். கத்தி போவது நாலைந்து அங்குலம். அந்த ஆழத்தில் இருக்கும் வேரைக் கரணை கரணையாக நறுக்கிக் காடு முழுக்க இறைத்துவிடும். ஒரு மீட்டர் வேரை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கினால் சுமார் இருபது கரணை. கரும்புக்கு நாம் செய்வது இதுதானே? அதற்குக் கீழே இருக்கும் வேர் அப்படியே இருக்கிறது, அதுவும் திரும்ப முளைக்கும். "இல்லைங்க சார், ஓட்டின உடனே சுத்தமா இருந்துச்சு" என்பார்கள். இருக்கும். மூன்று வாரம் இருக்கும். மண்ணில் ஈரம் இருந்தால் அதுகூட இருக்காது. கோரை இருக்கும் வயலில் உழுதால் கிழங்கு பரவும் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே புத்தியை இங்கேயும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். உண்மையான கண்டங்கத்திரிக்கு ரொட்டவேட்டர் சரியான வைத்தியம்தான். ஒரே வேர், அறுத்தால் போச்சு. பெயரை மாற்றிச் சொன்னதால் வைத்தியமும் மாறிப்போனது. அந்த ரொட்டவேட்டர் வாடகை வண்டி வேறு. கத்தியில் சுற்றிய வேரோடு அப்படியே பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்கிறது.

மூலையில் முதல் திட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்கு முந்தின வருடம் அங்கே ஆட்டுப்பட்டி போட்டிருந்தாராம். விடை கிடைத்துவிட்டது. இதன் காய் கோலிக்குண்டு அளவு. பச்சையில் வெளிறிய கோடு இருக்கும், பழுத்தால் மஞ்சள், காய்ந்தால் பழுப்பு. கோடையில் வேறு தீனி இல்லாதபோது ஆடு அதைத் தின்னும். விதை குடலில் சாகாமல் புழுக்கையோடு வெளியே வரும், இரண்டு வாரம் வரைக்கும் வந்துகொண்டிருக்கும். பட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அதைவிட நல்ல எரு எது? ஆனால் மந்தை அதற்கு முன்னால் எங்கே மேய்ந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தக் களை உள்ள இடம் என்றால், இரண்டு வாரம் வேறு தீனி போட்டு ஒரே இடத்தில் நிறுத்தி வைத்த பிறகு பட்டி போடச் சொல்லுங்கள்.

திட்டு இருந்தால் நாலு மூலைக்கும் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். உழவு அதற்கு வெளியேதான். உள்ளே மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பூ வரும் முன்னால், தரையோடு அறுத்துவிடுங்கள். இலை இல்லாமல் வேர் சேமிப்பைத் தின்று தின்று இளைக்க வேண்டும். ஒரு போகத்தில் முடியாது, இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். காய் வந்துவிட்டால் சாக்கில் பறித்துப் போட்டு எரியுங்கள், குப்பைக்குழிக்கு வேண்டாம். தனியாக ஒன்றிரண்டு நாற்று மட்டும் தெரிந்தால் அதிர்ஷ்டம். ஈரத்தில் வேரோடு வந்துவிடும், அன்றைக்கே பிடுங்குங்கள்.

களைக்கொல்லி கேட்பவர்களுக்கு: 2,4-டி அடித்தால் மேலே கருகும், வேர் சிரிக்கும். பக்கத்தில் பருத்தி இருந்தால் புகை பட்டாலே போதும், பருத்தி இலை வெண்டை இலை போலச் சிறுத்துக் கோணிப்போகும். அந்தப் பஞ்சாயத்துக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள். கிளைபோசேட் வேர் வரை இறங்கும், ஆனால் ஒரு தடவையில் தீராது. 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மூலம் மட்டும் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியும் இருக்கிறது. கடைக்காரர் சொன்னார் என்று வாங்கி அடிக்காமல், உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடுமலைக்காரர் மக்காச்சோளத்தைத் திட்டைச் சுற்றித்தான் விதைத்தார். கயிற்றுக்குள் ஐந்து தடவை அறுத்தாகிவிட்டது. தடத்தில் இருந்த சின்னக் கூட்டங்களை அவரும் அவர் மனைவியும் மண்வெட்டியால் தோண்டித் தோண்டி, துண்டு விடாமல் பொறுக்கியிருக்கிறார்கள். போன வாரம் படம் அனுப்பினார். இலை முன்பக்கம், பின்பக்கம், பக்கத்தில் நாணயம். கூடவே திட்டின் அகலப் படம். முளைப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, தண்டும் மெலிந்திருக்கிறது. ஆனால் கயிற்றுக்கு வெளியே, மேற்குப் பக்கம், நாலடி தள்ளி புதிதாக ஒரு வெளுப்பு தெரிந்தது. கயிற்றை அங்கே வரைக்கும் தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.