எட்டாவது ஆளின் படம் மட்டும் ஏன் ஒட்டவில்லை?

ஒரு சிறிய தணிக்கை அலுவலகத்தின் இணையதளத்துக்காக ஏழு பேரை ஒரே காலையில் படமெடுத்துக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து எட்டாவதாக ஒருவர் சேர்ந்தார். அதே வெள்ளைச் சுவர், அதே கேமரா, அதே ஃபிளாஷ். முகத்தில் வெளிச்சமும் சரியாகவே இருந்தது. ஆனால் வரிசையில் வைத்துப் பார்த்தால் ஏழு பேருக்குப் பின்னால் இளஞ்சாம்பல், அவருக்குப் பின்னால் மட்டும் அடர்சாம்பல்.

தூரம்தான் காரணம். முதல் நாள் முகத்திலிருந்து ஃபிளாஷ் 1 மீட்டர், முதுகுக்குப் பின்னால் சுவர் 1 மீட்டர். இவரைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி உட்கார வைத்துவிட்டேன். அதாவது ஃபிளாஷிலிருந்து சுவர் முதல் நாள் 2 மீட்டர், இவருக்கு 3 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்குதான். அதனால் முகத்தோடு ஒப்பிட்டால் முதல் நாள் சுவரில் விழுந்தது கால் பங்கு, இவர் படத்தில் அதில் பாதிகூட இல்லை. குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை. நல்லவேளையாக, முதல் நாள் எடுத்த அகலமான படம் ஒன்றில் தரை டைல்ஸ் தெரிந்தது, அதை எண்ணித்தான் ஸ்டூல் இருந்த இடத்தைக் கண்டுபிடித்து மறுபடி எடுத்தேன்.

இப்போதெல்லாம் ஸ்டூலின் கால்கள், லைட் ஸ்டாண்ட், ட்ரைபாட் மூன்றுக்கும் தரையில் டேப் ஒட்டி, அளவுகளை எழுதி, முழு அமைப்பையும் போனில் ஒரு படம் எடுத்து வைக்கிறேன். ஒருவர் ஃபிளாஷ் பக்கம் 20 செ.மீ. சாய்ந்தாலே முகத்தில் வெளிச்சம் ஒன்றரை மடங்காகும் என்பதால் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டுமே மேனுவல். ஆட்டோவில் விட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் முகம் இருண்டுவிடும், கறுப்புச் சட்டைக்காரர் முகம் வெளுத்துவிடும்.

அப்புறம் கிராப். பெரும்பாலும் தலைமுடியின் உச்சியை வைத்து அளக்கிறார்கள், அங்கேதான் கெடுகிறது. ஒருவருக்குச் சுருட்டை முடி, இன்னொருவருக்கு வழுக்கை, உச்சியைச் சமப்படுத்தினால் முகங்கள் பெரிதும் சிறிதுமாகிவிடும். நான் கண்ணையும் தாடையையும் எடுத்துக்கொள்கிறேன். 1200 பிக்சல் சதுரத்தில் மேலிருந்து 480-இல் கண்கோடு, 780-இல் தாடை நுனி. இந்த இரண்டு கோடுகளையும் ஒரு தனி லேயராக மேலே வைத்துக்கொண்டு, முகம் அதில் உட்காரும்வரை படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ நகர்த்துவேன். தாடி வைத்தவருக்குத் தாடை தெரியாது, அவருக்குக் கீழுதட்டை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதற்கெல்லாம் இடம் வேண்டுமென்றால் எடுக்கும்போதே நாலு பக்கமும் தாராளமாக விட்டு எடுக்க வேண்டும். உயரம் குறைந்தவர் வந்தால் கேமராவை அவர் கண் மட்டத்துக்கு இறக்குங்கள், லைட்டையும் அதே அளவு இறக்குங்கள், ஆனால் தூரத்தை மாற்றாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் எல்லாப் படங்களையும் 150 பிக்சலுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். பின்னணி மாறிய படமும் பெரிதாகிப்போன முகமும் உடனே கண்ணில் படும். நிற வித்தியாசத்துக்கு மட்டும் அதே வரிசையைக் கலரில் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.