கூழாகும் பால் சொல்வதும் சொல்லாததும்

பார்வைக்கு நல்ல பாலாகவே இருக்கும். திரியாது, நிறம் மாறாது, மடியும் வீங்காது. ஆனாலும் உள்ளே மடிநோய் தொடங்கியிருக்கலாம். இதைக் கறக்கும் இடத்திலேயே கண்டுபிடிக்க உதவுவது 1957-ல் வந்த கலிஃபோர்னியா மடிநோய் சோதனை.

நான்கு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று, ஒரு மருந்துக் கரைசல், அவ்வளவுதான் தேவை. முதல் இரண்டு மூன்று பீச்சைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் அதற்குரிய குழியில் சுமார் 2 மில்லி பால் பீச்ச வேண்டும். எருமையில் பால் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் காம்பில் பால் மிகக் குறைவு. பாலின் அளவுக்குச் சமமாகக் கரைசல் ஊற்றி, தட்டைப் பத்து விநாடி வட்டமாகச் சுழற்றி, உடனே பார்க்க வேண்டும். தாமதித்தால் லேசான மாற்றம் மறைந்துவிடும்.

கரைசலில் இருப்பது சோப்புத்தன்மையுள்ள பொருள். கிருமியை எதிர்க்க மடிக்குள் வந்த வெள்ளை அணுக்களை அது உடைக்கிறது. உள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, பால் கூழாகிறது. அணுக்கள் கூடக்கூடக் கூழும் கெட்டியாகும். கன்று ஈன்ற முதல் சில நாட்களிலும், பால் வற்றும் காலத்திலும் நோய் இல்லாமலேயே கூழ் வரும் என்பதால் அப்போது இதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஒரு முர்ரா எருமையை எடுத்துக்கொள்வோம். மூன்று குழிகளில் பால் தண்ணீராக ஓடுகிறது. வலது பின்காம்பின் குழியில் மட்டும் சுழற்றும்போது நடுவில் திரண்டு நிற்கிறது. பாலில் கட்டி இல்லை, காய்ச்சல் இல்லை, தீனியும் தின்கிறது. சரி, ஊசி போடலாமா? வேண்டாம். அந்தக் காம்பில் அழற்சி இருக்கிறது என்பதை மட்டுமே கூழ் சொல்கிறது. எந்தக் கிருமி என்று சொல்லவில்லை. இந்த எருமையை மற்ற மாடுகளுக்குப் பிறகு கடைசியாகக் கறக்க வேண்டும். அந்தக் காம்பின் நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, கிருமி நீக்கிய குப்பியில் பால் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்று முடிவு வந்தால் காம்புக்குள் செலுத்தும் ஆன்டிபயாடிக் நன்றாக வேலை செய்யும். ஈ.கோலி என்றால், லேசான நோயில் பெரும்பாலும் உடலே அதை விரட்டிவிடும். நாள்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் கறவைக் காலத்தில் குணமாவது அரிது. அதைப் பால் வற்றவிடும் காலத்தில் பார்த்துக்கொள்வதா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மடி சூடாகி, பால் திரிந்து, மாடு தீனியை விட்டால் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். மருந்து போட்டபின் மருந்துச் சீட்டில் சொன்ன நாட்கள்வரை நான்கு காம்புப் பாலையும் விற்கக் கூடாது. அதில் எஞ்சிய ஆன்டிபயாடிக் தயிர் உறைவதையே தடுக்கும்.