பாலை நிறுத்தினால் சளி குறையுமா, பரு மறையுமா?

குழந்தைக்குச் சளி பிடித்ததும் பல வீடுகளில் முதலில் நிற்பது பால்தான். "பாலை நிறுத்திவிட்டோம் டாக்டர், சளிதான் நிற்கவில்லை" என்றபடியே பெற்றோர் உள்ளே வருவார்கள்.

பாலால் சளி கூடுகிறதா என்பதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் எடைபோட்டே பார்த்திருக்கிறார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வில், நலமாக இருந்த 60 பேருக்கு ஜலதோஷ வைரஸை வேண்டுமென்றே செலுத்தினார்கள். பிறகு அவரவர் குடித்த பாலைக் கணக்கெடுத்து, மூக்குச் சிந்திய டிஷ்யூ காகிதங்களைச் சேகரித்து நிறுத்தார்கள். பாலைத் தொடாதவரும் இருந்தார். ஒரே நாளில் 11 டம்ளர் குடித்தவரும் இருந்தார். பாலின் அளவுக்கும் சளியின் எடைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் பால் சளியைக் கூட்டும் என்று நம்பியவர்கள் மட்டும் தங்களுக்கு இருமலும் மூக்கடைப்பும் அதிகம் என்றார்கள். அவர்கள் சிந்திய சளியும் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக இல்லை!

பால் குடித்ததும் சளி கூடியதுபோல் தோன்றும் உணர்வு பொய்யல்ல. பால் உமிழ்நீருடன் கலந்து சற்றுக் கெட்டியாகித் தொண்டையில் கொஞ்ச நேரம் ஒட்டி நிற்கும். சோயா பானத்தைச் சுவையூட்டி, எது பால் என்று தெரியாமல் கொடுத்தபோதும் மக்கள் அதே பிசுபிசுப்பைச் சொன்னார்கள். தொண்டையில் ஓயாமல் சளி தேங்குவோரிடம் நடந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், பால் குடித்தவர்கள் கூடுதல் சளி என்றார்கள். அங்கே யாரும் எடைபோடவில்லை. பால் ஒவ்வாமை வேறு விஷயம். குடித்த சிறிது நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரு விஷயத்தில் பாலை அவ்வளவு எளிதாக விடுவிக்க மாட்டேன். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட செவிலியரிடம், பள்ளி நாட்களில் எவ்வளவு பால் குடித்தீர்கள் என்று கேட்டார்கள். அதிகம் குடித்தவர்களிடையே கடும் பரு சற்றே கூடுதலாக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் தொடர்பு இன்னும் வலுவாகத் தெரிந்ததால், கொழுப்பைக் குற்றம் சொல்ல வழியில்லை. பால் இன்சுலினையும், அதை ஒத்த ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியையும் உயர்த்தி எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டலாம் என்பது இப்போதைய ஊகம். ஆனால் என்றோ குடித்த பாலை யாரால் சரியாக நினைவுகூர முடியும்? ஒரு குழுவுக்குப் பால் கொடுத்து, இன்னொரு குழுவுக்கு நிறுத்தி, முகத்தில் பருவை எண்ணிப் பார்த்த நல்ல சோதனை இன்னும் இல்லை.

ஆகவே பரு உள்ள எல்லோரையும் நான் பாலை நிறுத்தச் சொல்வதில்லை. ஜிம்முக்குப் போகும் இளைஞரிடம் முதலில் வே புரதப் பொடியைத்தான் விசாரிப்பேன். அதுவும் பாலிலிருந்து எடுப்பதே. சந்தேகம் இருந்தால் அதை மட்டும் 12 வாரம் நிறுத்தலாம். தோலுக்கடியில் அடைப்பு உருவாகிப் பருவாக வெளியே தெரியவே பல வாரம் ஆகும் என்பதால், பத்து நாளில் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே நேரத்தில் சோப்பையும் களிம்பையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். மாற்றம் இல்லையென்றால் பொடியை மறுபடி தொடங்கலாம். களிம்பை மட்டும் இடையில் விட்டுவிடாதீர்கள்.