தேவை இழுப்பு, செலவு உந்து: எந்தப் பணவீக்கத்துக்கு வட்டியை ஏற்றலாம்?

ஊதிப் பெருக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ‘இன்ஃப்ளேஷன்’. தொடக்கத்தில் அது புழக்கத்திலுள்ள பணம் பெருகுவதையே குறித்தது. விலைவாசி ஏறுவது என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழில் நிலைத்துவிட்ட ‘பணவீக்கம்’ அந்தப் பழைய பொருளைச் சுமந்து நிற்கிறது. அதனால் விலை எதனால் ஏறினாலும் பணம் மிகுந்துவிட்டதுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணத்தைத் திருத்தவே ‘டிமாண்ட் புல்’, ‘காஸ்ட் புஷ்’ என்ற இரண்டு வகைப்பெயர்கள் உதவுகின்றன. முன்னதைத் தேவை இழுப்புப் பணவீக்கம் என்றும், பின்னதைச் செலவு உந்து பணவீக்கம் என்றும் சொல்லலாம்.

முதல் வகையில் மக்களும் நிறுவனங்களும் அரசும் வாங்க விரும்புவது, நாடு உற்பத்தி செய்யக்கூடியதைத் தாண்டிவிடுகிறது. கீழேயுள்ள படத்தில் வலப்பக்கம் இறங்கிச் செல்பவை தேவைக்கோடுகள், ஏறிச் செல்வது அளிப்புக்கோடு. தேவைக்கோடு வலப்பக்கம் நகர்கிறது.

```
விலை
 |    \   \ /
 |     \   2
 |      \ / \
 |       1   \
 |      / \   \
 |     /   \   \
 +------------------ உற்பத்தி
```

1லிருந்து 2க்குப் போகும்போது விலையும் உற்பத்தியும் சேர்ந்தே உயர்கின்றன. 1960களின் பிற்பாதி அமெரிக்கா இதற்குத் தெளிவான சான்று. வியட்நாம் போர்ச் செலவும் உள்நாட்டு நலத்திட்டச் செலவும் ஒன்றாக ஏறின. வேலையின்மை 1969இல் 3.5 சதவீதம் வரை இறங்கியது. 1965இல் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த பணவீக்கம் 5 சதவீதத்தைத் தாண்டியது. இங்கே மைய வங்கி வட்டியை ஏற்றினால் கடன் சுருங்கும், செலவு குறையும், கோடு பழைய இடத்துக்குத் திரும்பும். விலையும் உற்பத்தியும் சரியான திசையிலேயே நகர்வதால், பணத்தை இறுக்குவதற்கான நியாயம் இங்கே முழுமையாக இருக்கிறது.

இரண்டாம் வகையில் எரிபொருள் போன்ற ஓர் இடுபொருளின் விலை ஏறுகிறது. பழைய அளவை உற்பத்தி செய்யவே கூடுதல் செலவாகிறது. அளிப்புக்கோடு இடப்பக்கம் நகர்கிறது.

```
விலை
 |   \   /   /
 |    \ /   /
 |     2   /
 |    / \ /
 |   /   1
 |  /   / \
 +------------------ உற்பத்தி
```

விலை ஏற, உற்பத்தி விழுகிறது. வட்டி உயர்வு எண்ணெய்க் கிணறுகளைத் திறக்காது. அது தேவைக்கோட்டை இடப்பக்கம் தள்ளும், அவ்வளவுதான். விலை சற்று இறங்கும். ஆனால் ஏற்கெனவே விழுந்த உற்பத்தி இன்னும் விழும்.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு கணக்கு இதற்குள் இருக்கிறது. நுகர்வுக் கூடையில் எரிபொருளின் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதன் விலை மட்டும் 50 சதவீதம் ஏறுகிறது. விலைக் குறியீடு 100லிருந்து 105 ஆகிறது. அந்த ஆண்டின் பணவீக்கம் 5 சதவீதம். அடுத்த ஆண்டு எரிபொருள் அதே உயரத்திலேயே நின்று, வேறெதுவும் ஏறாமல் இருந்தால் குறியீடு 105லேயே நிற்கும். பணவீக்கம் சுழியம். விலை திரும்ப இறங்கவில்லை, ஏற்றம்தான் நின்றுவிட்டது. வட்டி உயர்வின் முழு விளைவு தெரிய ஓராண்டுக்கும் மேல் ஆகலாம் என்பதால், அது வந்து சேரும்போது பிரச்சினையே முடிந்திருக்கக்கூடும்.

2008இல் ஐரோப்பிய மைய வங்கிக்கு நேர்ந்தது இதுதான். ஜூலை தொடக்கத்தில், எண்ணெய் விலை வரலாற்று உச்சத்தை நெருங்கியிருந்தது. யூரோ வட்டாரப் பணவீக்கம் சுமார் 4 சதவீதம். இலக்கோ 2 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. வங்கி வட்டியை 4லிருந்து 4.25 சதவீதமாக்கியது. எரிபொருள் விலையேற்றம் கூலிக்குப் பரவிவிடும் என்ற அச்சமே அது சொன்ன காரணம். ஆனால் அந்த வட்டாரத்தின் உற்பத்தி இரண்டாம் காலாண்டிலேயே சுருங்கத் தொடங்கியிருந்தது. முடிவெடுத்தபோது அந்தப் புள்ளிவிவரம் வெளியாகியிருக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்டோபரில் நிதி நெருக்கடி முற்றியதும் வட்டியைக் குறைத்தது. 2009 மே மாதத்தில் அது 1 சதவீதத்துக்கு வந்தது. அந்தக் கோடையில் பணவீக்கம் சுழியத்துக்கும் கீழே போனது.

அந்த அச்சம் அடிப்படையற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1973க்குப் பிந்தைய அமெரிக்காவில் எண்ணெய் அதிர்ச்சி கூலி ஒப்பந்தங்களுக்குள்ளும் எதிர்பார்ப்புக்குள்ளும் புகுந்தது. விலை ஏறுமென்று கூலி ஏற, கூலி ஏறியதென்று விலை ஏறியது. அந்தச் சுழலை உடைக்க 1979க்குப் பிறகு அமெரிக்க மைய வங்கியின் தலைவர் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. 1982இன் இறுதியில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது.

ஆகவே செலவு உந்து பணவீக்கத்தில் வட்டியை ஏற்றும் நியாயம் முதல் அடியில் இல்லை. அது இரண்டாம் சுற்றாகப் பரவும்போதுதான் பிறக்கிறது. பரவுகிறதா என்பதை அறிய, உணவையும் எரிபொருளையும் நீக்கிய மூலப் பணவீக்கத்தைப் பார்க்க வேண்டும். போக்குவரத்துச் செலவு வழியாக அதுவும் கொஞ்சம் ஏறவே செய்யும். எரிபொருள் விலை நின்ற பிறகும் அது ஏறிக்கொண்டே போனால், கூலி உயர்வும் உற்பத்தித்திறன் வளர்ச்சியை விஞ்சினால், மைய வங்கி இனியும் காத்திருக்கக் கூடாது.