ஹேமர் 32ன்னு சொல்லுது, கோர் 21ன்னு சொல்லுது: பழைய கான்க்ரீட்டை எதை நம்பி எடை போடுறது?

நாப்பது வருஷத்து கட்டடம், வரைபடம் கையில இல்ல, மேல இன்னொரு மாடி ஏத்தலாமான்னு கேக்குறாங்கன்னு வச்சுக்கோங்க. பில்லரை உடைச்சுப் பாக்க முடியாது, அதனால பையிலேர்ந்து முதல்ல வெளிய வர்றது ரீபவுண்ட் ஹேமர்தான். எர்ன்ஸ்ட் ஷ்மிட்னு ஒரு சுவிட்சர்லாந்து இன்ஜினியர் 1940கள் கடைசியில செஞ்ச கருவி, அதனால பல பேர் ஷ்மிட் ஹேமர்னே சொல்வாங்க.

உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன எடை, முன்னாடி நீட்டிக்கிட்டு ஒரு இரும்பு முனை, அவ்வளவுதான். முனையை சுவத்துல வச்சு மெதுவா அழுத்திக்கிட்டே போனா ஒரு கட்டத்துல ஸ்பிரிங் விடுபட்டு எடை போய் முனையை அடிக்கும், அடிச்சிட்டு பின்னாடி எகிறும், எவ்வளவு தூரம் எகிறுச்சுங்கறதை ஒரு முள் காட்டும். கெட்டியான பரப்புல நல்லா எகிறும், மெத்துன்னு இருந்தா அடியோட சக்தியை அதுவே வாங்கிக்கும். ஆக இது அளக்கறது மேல் தோலோட கடினத்தை, அதுவும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துக்கு. பலம்னு நாம படிக்கற நம்பர், கம்பெனி ஒட்டி அனுப்பின சார்ட்லேர்ந்து வர்ற ஊகம்.

அதுலயும் பூச்சு மேலயே அடிச்சு ரீடிங் எழுதற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், அது சிமென்ட் பூச்சோட ஜாதகம், பில்லரோடது இல்ல. பூச்சை உரிச்சு, கார்போரண்டம் கல்லால தேச்சு சமமாக்கி, ஒரே இடத்துல ரெண்டு தடவை அடிக்காம, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு பத்துப் பன்னெண்டு அடி அடிக்கணும். ஜல்லி மேல நேரா பட்டா நம்பர் தூக்கிக் காட்டும், உள்ள சின்ன காத்துக்குழி இருந்தா சரிஞ்சுடும், அந்த மாதிரி ஒட்டாத ரீடிங்கை தள்ளிட்டு சராசரி எடுப்பாங்க. ஸ்லாபுக்கு அடியிலேர்ந்து மேல் நோக்கி அடிச்சா, எகிறின எடையை புவியீர்ப்பே கீழ இழுத்து உதவி பண்ணும், நம்பர் கூடும், அதுக்குத் தனி சார்ட் கோடு இருக்கு.

இப்போ நம்ம பில்லருக்கு வருவோம். அகலம் 600 மில்லிமீட்டர், தடிமன் 300. ஹேமரைப் படுக்கை வாக்குல பிடிச்சு அடிச்சதுல சராசரி 36 வருது, சார்ட்ல அது சுமார் 32 மெகா பாஸ்கல். இதைப் பாத்துட்டு மாடி ஏத்த கணக்குப் போட்டா மாட்டிக்குவோம், ஏன்னா பழைய கான்க்ரீட்டுக்கு ஒரு குணம் இருக்கு. காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ள இறங்கி சிமென்ட்ல இருக்கற கால்சியம் ஹைட்ராக்சைடோட சேந்து கால்சியம் கார்பனேட்டா மாறும், அது துளைகளை அடைச்சு மேல் தோலை ஓடு மாதிரி இறுக்கிடும். கார்பனேஷன்னு இதைச் சொல்வாங்க. ஹேமர் அந்த ஓடு மேலதான் தட்டிப் பாக்குது, சதை எப்படி இருக்குன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. பழைய கட்டடத்துல இது பலத்தை ஒண்ணரை மடங்கா காட்டிவிடறது சகஜம்.

உள்ள என்னன்னு கேக்கத்தான் யூபிவி, அதாவது அல்ட்ராசோனிக் பல்ஸ் வெலாசிட்டி. பில்லரோட ரெண்டு பக்கத்துலயும் எதிரெதிரா ஒவ்வொரு ப்ரோப், நடுவுல காத்து இல்லாம கிரீஸ் தடவி அழுத்திப் பிடிச்சா, ஒண்ணு 54 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பும், இன்னொண்ணு வாங்கும், கருவி மைக்ரோ செகண்ட்ல நேரத்தைக் காட்டும். தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம். நம்ம பில்லர்ல நடு உயரத்துல 300 மில்லிமீட்டரைக் கடக்க 80 மைக்ரோ செகண்ட், அதாவது செகண்டுக்கு 3.75 கிலோமீட்டர். வழக்கமா 3.5க்கு மேல நல்லதுன்னும் 3க்கு கீழ சந்தேகத்துக்கு உரியதுன்னும் பிரிப்பாங்க, ஆக நடுப்பகுதி பரவால்ல. ஆனா தரையிலேர்ந்து அரை மீட்டர் உயரத்துல நேரம் 112க்கு ஏறிடுது, வேகம் 2.68. ஹேமர் அதே இடத்துல 35ன்னு சிரிச்சுக்கிட்டு இருக்கு.

துடிப்புக்கு காத்துல போறது பிடிக்காது, அதனால உள்ள ஓட்டை இருந்தா சுத்திக்கிட்டு வரும், லேட்டாகும். கீழ்ப்பகுதியில கான்க்ரீட் போடும்போது ஜல்லி மட்டும் தேங்கி சாந்து இறங்காம ஹனிகோம்ப் ஆகியிருக்கு, மேல யாரோ சாந்து அப்பி மூடியிருக்காங்க, அதைத்தான் ஹேமர் தட்டிட்டு சந்தோஷப்பட்டுது. இங்க கோர் கூட, அதாவது துளை போட்டு வெளிய எடுக்கற கான்க்ரீட் உருளை கூட, எடுக்க வேண்டாம், உளியால அந்த சாந்தைக் கொஞ்சம் கொத்தினாலே தெரிஞ்சிடும்.

ஆனா யூபிவியையும் தலையில தூக்கி வச்சுக்க வேண்டாம். ப்ரோப் பிடிச்ச கோட்டுக்கு இணையா கம்பி ஓடினா அது கான்க்ரீட்டை விட்டுட்டு கம்பி வழியா ஓடிடும், இரும்புல வேகம் கிட்டத்தட்ட 5.9 கிலோமீட்டர், நம்பர் அழகா வரும். விரிசல்ல தண்ணி நின்னா காத்து இல்லாததால துடிப்பு தாண்டிடும், விரிசலே தெரியாது. இதைவிட முக்கியமா, பலத்தை வேகத்துலேர்ந்து ஊகிக்கறது ரொம்ப மந்தமான வேலை: பலம் ரெண்டு மடங்கானாலும் வேகம் தோராயமா 20 சதவீதம்தான் கூடும். அதனால ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட ஒப்பிட்டு, எங்க மோசம்னு கண்டுபிடிக்க இது கெட்டிக்கார கருவி, எத்தனை மெகா பாஸ்கல்னு கேட்டா முழிக்கும்.

மாடி ஏத்தறதுக்கு நமக்கு வேண்டியதோ அந்த எத்தனைங்கற நம்பர்தான். இங்கதான் கோர் கட்டாயம் ஆகுது. தீப்பிடிச்ச கட்டடத்துலயும் இதே கதைதான்.

முதல்ல கவர் மீட்டரால கம்பி எங்கன்னு குறிச்சுக்கணும், கம்பியை வெட்டினா பில்லர் பலம் போகும், கோருக்குள்ள கம்பி வந்தா ரிசல்ட்டும் குழம்பும். விட்டம் ஜல்லி அளவுல மூணு மடங்காவது இருக்கணும், 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கு 100 விட்டம் தாராளம். 600 அகலமுள்ள முகத்துல, யூபிவி நல்லாருக்குன்னு சொன்ன உயரத்துல துளை போடணும், மேல சுமை அதிகம்னு தோணினா முட்டுக் கொடுத்துட்டு. ஒரே ஒரு கோரை வச்சு முடிவு பண்றது சரியில்ல, குறைஞ்சது மூணு வேணும், ஒரே பில்லரை சல்லடை ஆக்காம வேற வேற பில்லர்ல எடுக்கலாம்.

வெளிய வந்த உருளை மேல பினாப்தலீன் தெளிச்சா உள்பகுதி பளிச்சுனு ரோஸ் ஆகுது, வெளி ஓரம் 28 மில்லிமீட்டர் வரைக்கும் நிறமே மாறல. நிறம் ஏறாத இடம் கார்பனேஷன் ஆனது, ஹேமர் ஏன் 36 காட்டுச்சுன்னு அந்தக் கோடே சொல்லுது. அந்த ஓரத்தை வெட்டித் தள்ளி 200 மில்லிமீட்டர் நீளத்துக்கு முனைகளைச் சமன் பண்ணி நசுக்கினா மூணு கோரும் 132, 126, 138 கிலோ நியூட்டன்ல உடையுது. பரப்பு 7854 சதுர மில்லிமீட்டர், வகுத்தா 16.8, 16.0, 17.6. இது உருளையோட பலம், ஹேமர் சார்ட் கியூப் வடிவத்துல வார்த்த கான்க்ரீட்டோட பலத்துக்கானதுங்கறதால 1.25 ஆல பெருக்கினா 21, 20, 22. சராசரி 21, ஹேமர் சொன்னது 32.

அதுக்காக ஹேமரைத் தூக்கிப் போட வேண்டாம், 21ஐ 32 ஆல வகுத்தா 0.66 வருது, இப்போ மிச்சம் இருக்கற முப்பது பில்லர்ல அடிச்ச ரீடிங் எல்லாத்தையும் சார்ட்ல பாத்து இந்த 0.66 ஆல பெருக்கிக்கலாம், ஒவ்வொண்ணுலயும் துளை போடத் தேவையில்ல. ஆனா இது அதே காலத்துல அதே கலவையில போட்ட பில்லருக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னாடி சேத்துக் கட்டின அறைக்கும், மேல் ஸ்லாபுக்கும் தனித்தனியா கோர் எடுத்துத்தான் அந்தந்தப் பெருக்கலைக் கண்டுபிடிக்கணும், துளைகளை அன்னைக்கே சுருங்காத கிரவுட் போட்டு அடைச்சிடணும்.