'வரப்போகிறது' என்றால், எதுவரை வந்திருக்கிறது?

சொத்து மதிப்பீடு என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் மனை வாங்குவது பற்றிக் கேட்க வந்தார்கள். மேசையில் ஒரு வண்ண வரைபடத்தை விரித்தார்கள். 200 மனைகள் கொண்ட லேஅவுட். அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளிக்கோடாக மெட்ரோ, மஞ்சள் பட்டையாக வெளிவட்டச் சாலை, நீலக் கட்டமாகத் தொழிற்பூங்கா, ஓரத்தில் ஆற்றுக் குடிநீர்த் திட்டத்தைக் காட்டும் ஒரு குழாய்ப் படம். விலை மட்டும் சுற்றுவட்டாரத்தைவிட ஒன்றரை மடங்கு.

"நாலும் வரப்போகுதுன்னு சொல்றாங்க சார். அதுக்குத்தான் இந்த விலையாம்" என்றார் கணவர்.

அவர் சொன்னது சரிதான். அந்தக் கூடுதல் அரை மடங்கு மண்ணுக்கான விலை கிடையாது, அந்த நான்கு வாக்குறுதிகளுக்கான விலை. அப்படியென்றால் அந்த நான்கும் இன்று எந்தப் படியில் நிற்கின்றன என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மெட்ரோவில் தொடங்கினேன். ஒரு ரயில் தடம் பேச்சிலிருந்து ஓட்டம் வரை பல படிகள் ஏறி வர வேண்டும். முதலில் சாத்தியக்கூறு ஆய்வு. அப்புறம் விரிவான திட்ட அறிக்கை, தடத்தையும் நிலையங்களையும் இறுதி செய்வது, நிதி ஒப்புதல், நிலம் எடுப்பது, டெண்டர், பணி. ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் இருக்கும். விற்பவரிடம் "மெட்ரோ வருமா?" என்று கேட்டால் எப்போதும் வரும் என்றுதான் பதில் வரும். "கடைசியாகக் கையெழுத்தான காகிதம் எது?" என்று கேட்டுப் பாருங்கள், நிலைமை தெரிந்துவிடும். இவர்கள் கொண்டுவந்த தடத்துக்கு விரிவான திட்ட அறிக்கை வரை இருந்தது. நிதி ஒப்புதல் இல்லை. அறிக்கையின் வரைபடத்தில் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எதிர்கால நீட்டிப்பு' என்று போட்டிருந்தது. அதாவது முதல் கட்டம் முடிந்து, ஓடி, அதற்குப் பிறகு யோசிப்பார்கள்.

மனைவி விடவில்லை. "சாலையோரத்துல மிஷின் வச்சுத் துளை போட்டாங்களே, நாங்களே பார்த்தோம்" என்றார். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது மண் பரிசோதனை. ஆய்வுக் கட்டத்திலேயே அதைச் செய்வார்கள், அதற்குப் பின் ஒரு தூண்கூட எழாமல் போகலாம். நான் தேடுவது வேறு அடையாளங்களை. தடத்தின் வழியில் இருக்கும் மின்கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை இடம் மாற்றத் தொடங்கியிருக்கிறார்களா? நிலையம் வரும் இடத்தில் இருக்கும் கட்டடங்களுக்கு நில எடுப்பு நோட்டீஸ் போயிருக்கிறதா? எல்லாவற்றையும்விட, பணிமனைக்கு நிலம் கைக்கு வந்துவிட்டதா? ரயில்களை நிறுத்தவும் பழுது பார்க்கவும் பெரிய பரப்பு தேவை. அந்த நிலம் வழக்கில் கிடந்தால், தூண்கள் எழுந்தாலும் ரயில் ஓடத் தாமதமாகும்.

பணி தொடங்கிவிட்டால் கவலை இல்லை என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் செகண்ட் அவென்யூ சுரங்க ரயிலுக்கு 1972இல் மண் வெட்டினார்கள். நகரத்திடம் பணம் இல்லாமல் 1975இல் பணி நின்றது. மறுபடி 2007இல் தொடங்கி, முதல் பகுதி 2017 ஜனவரி 1 அன்றுதான் திறந்தது. லண்டனின் கிராஸ்ரெயிலுக்குப் பணம், சட்டம், ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. 2018 டிசம்பரில் திறப்பதாகச் சொன்ன தடம் 2022 மே 24 அன்று திறந்தது. கடன் வாங்கி மனை வாங்குபவருக்கு அந்த மூன்றரை ஆண்டும் தவணைதான்.

'நிலையத்திலிருந்து 10 நிமிட நடை' என்ற வாசகத்தையும் அளந்து பார்த்தேன். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதி உண்டு. 80 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட வேண்டும், அதுவும் நடக்கும் பாதையின் நீளத்தை வைத்து. எந்த ஊருக்கும் பொருந்தும் நல்ல அளவு இது. 10 நிமிடம் என்றால் 800 மீட்டர். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் 800 மீட்டர்தான் வந்தது. ஆனால் நடுவில் ஒரு கால்வாய் இருக்கிறது, பாலம் தள்ளி இருக்கிறது. சுற்றி நடந்தால் 1,900 மீட்டர், கிட்டத்தட்ட 24 நிமிடம். தினமும் இரண்டு வேளை அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்கள், வண்டி எடுப்பார்கள். வண்டி எடுக்க வேண்டிய மனைக்கு நிலையத்தின் பக்கத்து மனை விலை பொருந்தாது.

சாலையில் இரண்டு விஷயம். ஒன்று, அந்த வெளிவட்டச் சாலை நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத விரைவுச் சாலை. லேஅவுட்டிலிருந்து 300 மீட்டரில் போகும், ஆனால் ஏறும் சந்திப்பு 6 கிலோமீட்டர் தள்ளி. சர்வீஸ் ரோடு திட்டத்தில் இல்லை. இவர்களுக்குக் கிடைக்கப்போவது இரைச்சலும் தூசியும்தான், பயன் சந்திப்பின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. இரண்டு, லேஅவுட்டின் முன்னால் போகும் இப்போதைய 12 மீட்டர் சாலையை மாஸ்டர் பிளானில் 30 மீட்டராகக் குறித்திருக்கிறார்கள். மையக் கோட்டிலிருந்து இருபக்கமும் சமமாக அகலப்படுத்தினால், இன்று 6 மீட்டர் இருக்கும் பக்கம் 15 மீட்டர் ஆகும். அதாவது ஒவ்வொரு பக்கமும் 9 மீட்டர் உள்ளே வரும். முன்வரிசை மனைகளின் ஆழமே 18 மீட்டர். 'மெயின் ரோடு ஃபேசிங்' என்று கூடுதல் விலை சொன்ன மனைகளில் பாதி நிலம் போய்விடும். சில இடங்களில் ஒரே பக்கமாகவும் எடுப்பார்கள், அதனால் மையக்கோடு எங்கே என்பதை நகரமைப்பு அலுவலகத்தின் வரைபடத்தில் பார்க்காமல் எந்த முன்வரிசை மனையையும் தொடாதீர்கள்.

தொழிற்பூங்காவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் மட்டும் இருந்தால் அது வெறும் பேச்சு. நிலம் ஒதுக்கியாகிவிட்டதா, துணை மின்நிலையம் கட்டுகிறார்களா என்று பாருங்கள், மின்சாரம் இல்லாமல் ஆலை வராது. அறிவிக்கும் வேலை எண்ணிக்கையில் மறைமுக வேலைகளும் சேர்ந்திருக்கும், கட்டுமானக் கால வேலைகளும் சேர்ந்திருக்கும். ஒரே முதலாளியை நம்பிய பகுதி என்றால் அந்த ஒரு கதவு மூடும் நாளில் வாடகையும் விலையும் சேர்ந்தே இறங்கும்.

தண்ணீருக்குத்தான் நான் அதிக நேரம் கொடுத்தேன். ரயில் ஐந்து வருடம் தாமதமானால் பஸ்ஸில் போகலாம், தண்ணீர் ஐந்து நாள் வராவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியாது.

லேஅவுட்டில் 40 வீடுகள் கட்டிக் குடிவந்திருந்தார்கள். எல்லோரும் தண்ணீருக்குக் குறையில்லை என்றார்கள், உண்மைதான். இரண்டு போர்வெல். மோட்டார் அறைக்குப் போனேன். மோட்டார் போடுபவர் ஒரு பழைய நோட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். தினமும் எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு நிறுத்தினார் என்று எழுதி வைத்திருந்தார். மழைக்காலப் பக்கங்களில் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்கூட ஓடவில்லை. கோடைப் பக்கங்களில் ஒன்பது மணி நேரம். இடையிடையே ஒரே சொல்: 'காற்று'. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"தண்ணி கீழ போயிடும்ண்ணே. மோட்டார் வெறும் காத்தை இழுக்கும். ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சுட்டு மறுபடி போடுவேன்."

அந்த நோட்டை வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் வீட்டுக்கு 400 லிட்டர். 40 வீட்டுக்கு 16,000 லிட்டர். ஒவ்வொரு போர்வெல்லும் நல்ல காலத்தில் நொடிக்கு ஒரு லிட்டர் கொடுக்கும். பத்து மணி நேரம் ஓட்டினால் 36,000 லிட்டர், இரண்டுக்கும் 72,000. தாராளம். ஆனால் கோடையில் ஒன்று பாதியாகக் குறைகிறது, மற்றொன்று விட்டுவிட்டுத்தான் வருகிறது. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 25,000 லிட்டர் தேறினால் பெரிது. 40 வீட்டுக்கு அது போதும். 63ஆவது வீடு குடிவந்ததும் பற்றாக்குறை தொடங்கிவிடும். 200 வீடும் நிரம்பினால் தேவை 80,000 லிட்டர், அது மழைக்கால 72,000க்கே மேல். இன்று தண்ணீர் இருப்பதற்குக் காரணம், மனைகள் காலியாக இருப்பதுதான். மெட்ரோவும் தொழிற்பூங்காவும் உண்மையிலேயே வந்து பகுதி வளர்ந்தால், அந்த வளர்ச்சியே இந்த இரண்டு போர்வெல்லையும் வற்ற வைக்கும்.

அதனால் இந்த இடத்துக்கு ஆற்றுக் குடிநீர் வந்தே ஆக வேண்டும், மற்ற மூன்றுக்கும் முன்பாக. அதையும் படிப்படியாகப் பார்த்தேன். தெருவில் பகிர்மானக் குழாய் பதித்திருந்தார்கள். விற்பவர் அதைத்தான் காட்டுகிறார். ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. அதற்கு முன்னால் நீர்த்தேக்கத் தொட்டி, அதற்கு முன்னால் பிரதானக் குழாய், அதற்கும் முன்னால் சுத்திகரிப்பு நிலையம், ஆற்றிலிருந்து எடுக்க ஒதுக்கீடு. தொட்டிக்கு இடம் குறித்திருந்தார்கள், கட்டவில்லை. பிரதானக் குழாய் டெண்டர் கட்டத்தில். திட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கில் இந்த லேஅவுட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டோம். இருக்கிறது என்று பதில் வந்தது. நான்கு வாக்குறுதிகளில் எனக்கு உண்மையாக நம்பிக்கை தந்தது அந்த ஒரு வரிதான். ஆற்று நீருக்கும் எல்லை உண்டு. 2018இல் கேப்டவுனில் வீடுகளில் குழாய் இருந்தும், அணைகள் வற்றியதால் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டார்கள். ஒரே மூலத்தை நம்பிய திட்டமா, மாற்று மூலம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

முடிவில் அவர்களுக்கு நான் எழுதிக்கொடுத்தது இதுதான். மெட்ரோவுக்கும் தொழிற்பூங்காவுக்கும் இன்றைக்கு ஒரு காசுகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். விரைவுச் சாலையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். பிரதானக் குழாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை காத்திருங்கள். அதுவரை சுற்றுவட்டார விலைக்கு யாராவது அவசரத்தில் விற்றால் மட்டும், பின்வரிசையில் ஒரு மனை பாருங்கள், அதுவும் இன்றிருக்கும் பஸ்ஸை வைத்துக்கொண்டே அங்கே எட்டு வருடம் வாழ முடியும் என்றால்.

அவர்கள் காத்திருந்தார்கள். போன வாரம் அந்த அம்மா ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். சாலையோரத்தில் ஆள் உயரக் குழாய்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. "இப்ப வாங்கலாமா சார்?" என்று கேட்டிருந்தார். தொட்டி கட்டும் இடத்துக்குப் போய் அடித்தளம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து, அங்கிருந்து இன்னொரு படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.